பன்னிரண்டு மாத வசூல் கணக்கை ஒரே அட்டவணையாக்கும் முறை

குடிதண்ணீர்க் கட்டணம் வசூலிக்கும் பஞ்சாயத்துகள் பலவற்றில் ஒவ்வொரு மாதக் கணக்கும் தனித்தனி எக்ஸெல் கோப்பாக இருக்கும். ஆண்டு முடிவில் பாக்கிப் பட்டியல் தயாரிக்க வேண்டுமானால், எல்லாக் கோப்புகளையும் திறந்து வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுவர். ஒரு மாதத்தை இருமுறை ஒட்டினாலும், ஒரு மாதத்தை விட்டுவிட்டாலும் அது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. எக்ஸெலிலேயே அமைந்துள்ள பவர் குவெரி என்னும் பகுதி இவ்வேலையைத் தானே செய்து தரும். அம்முறையையும், அதில் ஓசையின்றி நுழையக்கூடிய ஒரு பிழையையும் இங்கே காண்போம்.

ஒரு பஞ்சாயத்தில் 120 குழாய் இணைப்புகள் உள்ளன என்றும், மாதக் கட்டணம் 50 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதக் கோப்பிலும் இணைப்பு எண், பெயர், தொகை என மூன்று பத்திகள் உண்டு. செலுத்தாதவருக்கு நேரே வெற்றிடம் விடாமல் 0 என்று எழுதப்பட்டுள்ளது. அடியில் 'மொத்தம்' என்னும் வரி இல்லை. இருந்தால் அதுவும் சேர்ந்து கூட்டுத்தொகை இரட்டித்துவிடும். கோப்புகளின் பெயர்கள் 2024-04.xlsx முதல் 2025-03.xlsx வரை. இப்பன்னிரண்டும் ஒரே கோப்புறையில் இருத்தல் வேண்டும். வேறெதுவும் அதில் இருத்தலாகாது.

இனி, புதிய எக்ஸெல் கோப்பொன்றைத் திறந்து, அதை வேறிடத்தில் சேமித்துக்கொள்க. பின்னர் கீழ்க்கண்டவற்றை வரிசையாகத் தேர்ந்தெடுக்கவும்.

```
Data > Get Data > From File > From Folder
```

கோப்புறையைக் காட்டியதும் கோப்புகளின் பட்டியல் தோன்றும். அதில் பன்னிரண்டு பெயர்கள் உள்ளனவா என எண்ணிப் பார்த்து, Combine என்பதன்கீழ் உள்ள Combine & Transform Data என்பதை அழுத்துக. மாதிரிக் கோப்பு எது என்று கேட்கப்படும். First file என்றே விட்டு, கணக்கு உள்ள தாளின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும். எல்லாக் கோப்புகளிலும் தாளின் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும். அங்குள்ள Skip files with errors என்னும் கட்டத்தில் குறியிடலாகாது. குறியிட்டால், படிக்க இயலாத மாதம் அறிவிப்பின்றி விடுபட்டுப்போகும்.

OK அழுத்தியதும் வினவல் திருத்தி திறந்து, எல்லா மாத வரிகளும் ஒரே அட்டவணையாகக் காட்சியளிக்கும். முதற்பத்தியான Source.Name, ஒவ்வொரு வரியும் எக்கோப்பிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். Close & Load அழுத்தினால் அட்டவணை தாளில் இறங்கும்.

இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. முதலில் வரிகளை எண்ணுக. 120 இணைப்பு, 12 மாதம். ஆக 1,440 வரிகள் இருக்க வேண்டும். அடுத்துத் தொகைப் பத்தியைக் கூட்டி ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிடுக. ரொக்கப் புத்தகத்தில் 66,000 ரூபாய், அட்டவணையிலோ 60,600 ரூபாய் எனக் கொள்வோம். வரிகள் சரியாக இருந்தும் 5,400 ரூபாய் எங்கே போயிற்று?

தொகைப் பத்தியின் வடிகட்டியில் வெற்றிடங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் விடை கிடைக்கும். 120 வரிகள் வெறுமையாக நிற்கின்றன, Source.Name பத்தியில் அவை யாவும் 2024-07.xlsx என்று காட்டுகின்றன. அக்கோப்பைத் திறந்து பார்த்தால், ஜூலை மாதத்தில் மட்டும் தலைப்பு 'தொகை' என்பதற்குப் பதிலாக 'வசூல்' என்று எழுதப்பட்டிருக்கிறது. மாதிரியாகிய ஏப்ரல் கோப்பில் உள்ள தலைப்புகளையே பவர் குவெரி தேடுகிறது. அத்தலைப்பு இல்லாத கோப்பில் அது பிழை என்று கூறுவதில்லை. வெற்றிடத்தை நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறது. தலைப்பின் முடிவில் ஓர் இடைவெளி மிகுந்திருந்தாலும் இதே விளைவுதான்.

இதைக் கவனியாமல் பாக்கிப் பட்டியல் எழுதியிருந்தால், ஜூலையில் 50 ரூபாய் செலுத்திய 108 குடும்பங்களுக்கும் பாக்கி அறிவிப்பு போயிருக்கும். கையில் ரசீது வைத்திருப்பவர் கிராம சபையில் எழுந்து கேட்டால் பஞ்சாயத்து என்ன விடை கூறும்?

திருத்தத்தைச் சேர்ந்த அட்டவணையில் செய்தல் பயனற்றது. அடுத்தமுறை புதுப்பிக்கும்போது அது அழிந்துவிடும். ஜூலைக் கோப்பிலேயே தலைப்பைத் 'தொகை' என மாற்றி, சேமித்து, மூடுக. பிறகு Data பகுதியில் Refresh All அழுத்தினால் கூட்டுத்தொகை 66,000 ஆகிவிடும். புதிய மாதம் வந்தாலும் இதுவே வழி: கோப்பைக் கோப்புறையில் இட்டு, Refresh All அழுத்தி, வரிகள் 120 கூடியுள்ளனவா, தொகை ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துள்ளதா என்று பார்த்த பின்னரே பட்டியலில் கையொப்பமிடுக.