மாநிறத் தோலில் சாம்பல் பூக்காமல் சன் கிரீம் பூச 7 குறிப்புகள்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. தண்ணீரிலும் மணலிலும் பட்டுத் தெறித்தும் முகத்தைச் சுடும். கடையில் கிடைக்கும் சன் கிரீம் இரண்டு வகை. கனிம வகையில் சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டையொக்சைட் என்ற வெண்தூள்கள் இருக்கும். இரசாயன வகையில் அவோபென்சோன் போன்ற நிறமற்ற சேர்மங்கள் இருக்கும். இரண்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் நம் தோலில் நடந்துகொள்ளும் விதம் வேறு.

1. வெண்தூள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சிதறடிப்பதால் கருத்த முகத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். டைட்டானியம் சிங்க்கைவிட வெளுப்பாகத் தெரியும். சாம்பலுக்குப் பயந்து மெல்லிதாகப் பூசினால் டியூப்பில் எழுதிய எஸ்.பி.எஃப். அளவு கிடைக்காது.

2. முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் நீளத்துக்குப் பிதுக்கிய இரண்டு கோடுகள் வேண்டும். ஒரு கோட்டைப் பூசிச் சற்று ஊறவிட்டு, மற்றதைப் பூசுங்கள். இப்படிப் பூசினால் திட்டுத் திட்டாக நிற்காது.

3. வாங்குமுன் தாடையோரம் சிறிது தடவி, பத்து நிமிடம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். புறங்கையில் பார்த்தால் ஏமாறலாம். கையும் முகமும் ஒரே நிறமில்லை.

4. மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த கனிமக் கிரீமைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலில் மங்கைக் கருப்பாக்கும். சாதாரண இரசாயனக் கிரீமும் நிறமில்லாக் கனிமக் கிரீமும் அதைப் போதிய அளவு தடுப்பதில்லை. நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஒக்சைட் தடுக்கும். சாம்பலை மறைப்பதும் அதே நிறம்தான். சேர்மானப் பட்டியலில் 77491, 77492, 77499 என்ற எண்கள் இருந்தால் இரும்பு ஒக்சைட் உண்டு.

5. இரசாயனக் கிரீம் நிறம் காட்டாமல் ஊறிவிடும். ஆனால் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் எரியும். தோணியில் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் திரிகிறவர்கள் நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும் கனிமக் கிரீமையும், மற்ற இடங்களுக்கு இரசாயனக் கிரீமையும் பூசலாம். வெளியே இறங்க 15 நிமிடத்துக்கு முன் பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்துத் துடைத்ததும் மறுபடி பூசுங்கள்.

6. வெள்ளைச் சட்டைக் கழுத்தில் துவைத்த பின் செம்மஞ்சள் கறை வருகிறதா? அவோபென்சோன் இரும்புச்சத்துள்ள கிணற்றுநீரோடு சேர்வதால் வருவது அது. பிளீச் போட்டால் கறை கூடும். துவைக்குமுன் கழுத்துப் பட்டியில் சவர்க்காரம் தேய்த்து ஊறவிடுங்கள். கிரீம் நன்றாக ஊறிய பிறகே சட்டை போடுங்கள்.

7. பாசிக்குடாவில் குளிக்கப் போனால் நீண்ட கைச்சட்டை போட்டு, மிச்ச இடத்துக்கு மட்டும் பூசுங்கள். பவளப்பாறைக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் விற்பனைக்குத் தடைசெய்த ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் இரண்டும் இல்லாத டியூப்பை எடுங்கள்.