ரவுட்டர் அறிவிக்கட்டுமா, சேவையகம் பங்கிடட்டுமா? ஐபிவி6 முகவரி முறையைத் தேர்ந்தெடுக்க

சீகிரியாவுக்குப் போகும் வழியில் 14 அறைகள் கொண்ட ஒரு விடுதி, மாத்தளை நகரில் 22 கணினிகள் கொண்ட ஒரு கல்வி நிலையம். ஒரே மாதத்தில் இரண்டுக்கும் வலையமைப்பு போட்டுக் கொடுத்தேன். இரண்டு இடத்திலும் இணைய இணைப்போடு ஐபிவி6 வந்திருந்தது. இரண்டு உரிமையாளர்களும் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, பழையபடி ரவுட்டரே எல்லாவற்றுக்கும் முகவரி கொடுத்துவிடுமா?" விடுதிக்கு ஒரு வழியையும் கல்வி நிலையத்துக்கு வேறொரு வழியையும் அமைத்தேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

எந்த வழியிலும் மாறாத ஒன்று

ஐபிவி4 வலையமைப்பில் ஒரு கணினிக்கு பிரிண்டரின் ஐபி முகவரி தெரிந்தால் மட்டும் போதாது. அதன் வன்பொருள் முகவரியும், அதாவது மேக் முகவரியும், தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க 1982 இல் வந்தது ஏஆர்பி. "இந்த ஐபி யாருடையது?" என்று வலையமைப்பில் உள்ள அத்தனை கருவிகளிடமும் அது கேட்கும். ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அந்தக் கேள்வியை வாங்கிப் பார்த்துவிட்டு ஒதுக்க வேண்டும்.

ஐபிவி6 இல் எல்லோரையும் கூப்பிடும் முறையே கிடையாது. ஏஆர்பி இருந்த இடத்தில் அண்டை அறிதல் என்ற நெறிமுறை இருக்கிறது. ஒரு பிரிண்டரின் முகவரி இது என்று வைத்துக்கொள்வோம்:

```
2001:db8:12:5:3c1f:88a2:914a:7c1e
```

இதன் கடைசி ஆறு இலக்கங்கள் `4a7c1e`. அவற்றிலிருந்து `ff02::1:ff4a:7c1e` என்ற குழு முகவரி உருவாகிறது. பிரிண்டர் தன் முகவரியை எடுத்துக்கொள்ளும்போதே இந்தக் குழுவிலும் சேர்ந்துவிடும். அதைத் தேடும் கணினி தன் கேள்வியை இந்தக் குழுவுக்கு மட்டுமே அனுப்பும். கடைசி ஆறு இலக்கங்கள் ஒத்துப்போகும் இன்னொரு கருவி அதே அறையில் இருப்பது மிக அரிது. ஆகவே பெரும்பாலும் கேள்வி உரியவரின் கதவை மட்டுமே தட்டும்.

புதிய முகவரி எடுக்கும் கருவி இதே வழியில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். "இந்த முகவரி யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டு, வழக்கமான அமைப்பில் ஒரு விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் முகவரி அதற்குச் சொந்தம். கீழே வரும் வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்த அண்டை அறிதல் அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது ஐசிஎம்பிவி6 செய்திகளில் பயணிப்பது. பிங்கைத் தடுக்கிறேன் என்று ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6 முழுவதையும் மூடினால், பக்கத்துக் கணினியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. லினக்ஸில் `ip -6 neigh` என்று அடித்து, ரவுட்டரின் வரியில் `FAILED` என்று வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

முதல் வழி: கருவியே முகவரியை அமைத்துக்கொள்வது

ரவுட்டர் "இந்த இடத்தின் முன்னொட்டு `2001:db8:12:5::/64`, வெளியே போக என்னிடம் வாருங்கள்" என்று அறிவிக்கும். மீதி 64 பிட்டுகளைக் கருவியே போட்டுக்கொள்ளும். யாருக்கு எது என்று எங்கும் பதிவு இல்லை; அதனால்தான் இதற்கு நிலை பேணாத முறை, சுருக்கமாக ஸ்லாக், என்று பெயர். முன்னொட்டு சரியாக /64 ஆக இருந்தால்தான் இது வேலை செய்யும்.

விடுதிக்கு இதையே வைத்தேன். வருபவர்களின் கையில் இருப்பவை கைபேசிகள். ஆண்ட்ராய்டு கைபேசி டிஎச்சிபி சேவையகத்திடம் தனி ஐபிவி6 முகவரி கேட்டு வாங்காது. அங்கே சேவையகத்தை மட்டும் நம்பியிருந்தால் பாதி விருந்தினர்களுக்கு ஐபிவி6 கிடைத்திருக்காது.

இரண்டாம் வழி: முகவரி தானாக, மற்றது சேவையகத்தால்

முகவரியைக் கருவி அமைத்துக்கொள்ளும். பெயர்ச் சேவையகத்தின் முகவரியை மட்டும் டிஎச்சிபி சொல்லும். இன்று ரவுட்டரின் அறிவிப்பிலேயே அதையும் சேர்த்துவிடலாம். விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளுக்கு அந்த அறிவிப்பு புரியாது. ஐபிவி4 கூடவே ஓடும் இடத்தில் அவற்றுக்கு அதன் வழியாகப் பெயர்ச் சேவையகம் கிடைத்துவிடும். ஐபிவி6 மட்டுமே உள்ள இடத்தில் பழைய கணினிகள் இருந்தால்தான் இந்த வழி தேவை.

மூன்றாம் வழி: சேவையகமே முகவரி கொடுப்பது

கல்வி நிலையத்தில் எல்லாம் கம்பி இணைப்பில் ஓடும் விண்டோஸ் கணினிகள். எந்த மேசைக்கு எந்த முகவரி என்ற பதிவு வேண்டும் என்றார் பொறுப்பாளர். அங்கே டிஎச்சிபிவி6 வைத்தேன். ரவுட்டரின் அறிவிப்பும் அங்கே ஓடுகிறது. ஏனெனில் டிஎச்சிபிவி6 வெளியே போகும் வாசலைச் சொல்லாது. அதை ரவுட்டர்தான் சொல்ல வேண்டும். அறிவிப்பில் "சேவையகத்திடம் கேள்" என்ற குறியை ஏற்றி, "நீயே அமைத்துக்கொள்" என்ற குறியை இறக்கினேன்.

முதல் நாள் ஒரே ஒரு கணினிக்குத்தான் முகவரி நிலைத்தது. சேவையகத்தின் பதிவைத் திறந்தால் 22 கோரிக்கைகளிலும் ஒரே அடையாள எண். டிஎச்சிபிவி6 ஒரு கணினியை மேக் முகவரியால் அடையாளம் காண்பதில்லை, டியுஐடி என்ற எண்ணால் காணும். அந்த 22 கணினிகளும் ஒரே வட்டின் நகல்கள். டியுஐடியும் சேர்ந்தே நகலாகியிருந்தது. சேவையகம் எல்லோரையும் ஒருவராக எண்ணி ஒரே முகவரியைக் கொடுத்தது. முதல் கணினி அதை எடுத்துக்கொண்டது. மற்றவை மேலே சொன்ன முகவரிச் சோதனையில் தோற்றுத் திருப்பிக் கொடுத்தன. ஒவ்வொரு கணினியின் ரெஜிஸ்ட்ரியிலும் `Dhcpv6DUID` மதிப்பை அழித்து மறுபடி தொடங்கியதும் தீர்ந்தது. நகலெடுப்பதற்கு முன்பே அதை அழித்திருந்தால் 22 தடவை செய்திருக்க வேண்டாம்.

மின்சாரம் போய் வரும்போது

விடுதியில் வேறொரு சிக்கல். மின்வெட்டு முடிந்து ரவுட்டர் எழும்போது இணையச் சேவை அதற்குப் புதிய முன்னொட்டைக் கொடுத்தது. மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகளுக்கு அது தெரியாது. பழைய முகவரியோடு வெளியே பேசப் பார்க்கும். பதில் திரும்பி வராது. பக்கங்கள் நீண்ட நேரம் காத்திருந்து திறக்கும். `ip -6 addr` கொடுத்தால் ஒரே கருவியில் இரண்டு முன்னொட்டுகள் தெரியும். அடையாளம் அதுதான்.

ஸ்லாக்கின் வழமையான அளவில் ஒரு முகவரிக்கு 7 நாள் முன்னுரிமையும் 30 நாள் ஆயுளும் உண்டு. முன்னொட்டு மாறக்கூடிய இடத்தில் அது மிக நீளம். 2021 இல் வெளிவந்த பரிந்துரைப்படி 45 நிமிடமும் 90 நிமிடமுமாகக் குறைத்தேன். `radvd` இல் அது விநாடிக் கணக்கில்:

```
AdvPreferredLifetime 2700;
AdvValidLifetime 5400;
```

இதனால் சிக்கல் முற்றாக நீங்காது; முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் யாராவது கேட்டால், வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்லுமாறு வரவேற்பில் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கே எது

- அந்நியரின் கைபேசிகள் வந்து போகும் இடம்: ஸ்லாக், குறைந்த ஆயுளோடு.
- கைபேசிகள் இல்லாமல், பதிவு மட்டும் வேண்டிய கம்பி வலையமைப்பு: டிஎச்சிபிவி6, டியுஐடியைச் சரிபார்த்த பிறகு.
- பிரிண்டருக்கும் கேமராப் பதிவுப் பெட்டிக்கும்: நாமே கையால் போட்ட முகவரி.

மூன்றிலும் ஒரு காவல் தேவை. ஏஆர்பியைப் போலவே அண்டை அறிதலும் உள்ளே இருப்பவரை நம்பிவிடும். யாரோ ஒருவர் கொண்டுவந்து செருகிய ரவுட்டர் அறிவிக்கத் தொடங்கினால் எல்லாக் கருவிகளும் அதன் பின்னால் போகும். ஸ்விட்ச் வாங்கும்போது ஆர்ஏ கார்டு வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்; உங்கள் ரவுட்டர் செருகிய துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைகளிலும் அதைப் போட்டுவிடுங்கள்.