நம்மூர்ல செஞ்சா அது கோவில்பட்டி மிட்டாயா?

கழுகுமலை முருகனைப் பாத்துட்டு வர்றப்ப கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்காம யாரு வர்றோம்? 2014-ல விண்ணப்பிச்சு, 2020 ஏப்ரல்ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. கோவில்பட்டியிலயும் தூத்துக்குடி மாவட்டத்துல அதை ஒட்டின ஊர்கள்லயும் செய்றதுக்குத்தான் அந்தப் பேரு.

நம்ம சங்கரன்கோவில் இருக்கிறது தென்காசி மாவட்டம். அதே கரிசல் கடலை, அதே வெல்லம், மாஸ்டரும் கோவில்பட்டிக்காரர்னே வச்சுக்கோங்க. இங்க பாகு காய்ச்சினா ‘கோவில்பட்டி’னு போட முடியாது. ‘சங்கரன்கோவில் கடலைமிட்டாய்’னு போட்டு விக்கலாமே, அதுல என்ன குறைச்சல்?

சரி, பாக்கெட்டைத் திருப்புங்க. தயாரிச்சவர் முகவரி ஒண்ணு, விக்கிறவர் முகவரி ஒண்ணு இருக்கலாம். நமக்கு வேண்டியது முதல் முகவரி. பக்கத்துல இருக்கிற 14 இலக்க எண்ணைக் காட்டி "அசல்தான் தம்பி"ம்பாங்க. நம்பிடாதீங்க. அது உணவுப் பாதுகாப்பு உரிம எண். ஊருக்கு அத்தாட்சி இல்ல.

கோவில்பட்டியிலயே கடை வச்சிருந்தாலும் மட்டும் போதாது. சட்டப்படி அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தணும்னா, சென்னை கிண்டியில இருக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகத்துல ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’னு தயாரிப்பாளர் தன் பேரைத் தனியாப் பதியணும். பதிவகத்தோட இணையதளத்துல அந்தப் பேரைத் தேடிப் பாருங்க.

கண்ணாடி ஜாடியில இருந்து சில்லறையா எடுத்துக் குடுக்கிற மிட்டாய்க்கு இந்தச் சோதனை எதுவும் செல்லாது. அங்க கடைக்காரர் வாய்ச்சொல் மட்டும்தான்.