தொட்டிக் கனகாம்பரம் பூக்கவில்லையா? இலையைப் பாருங்கள்!

நம்ம ஊரில் பல வீடுகளில் ஒரு கனகாம்பரத் தொட்டி இருக்கும். ஆனால் சில செடிகளில் இலை வெளுத்து, நாளுக்கு நாலு பூதான் வரும். உடனே எல்லோரும் உரத்தைத்தான் தேடுவார்கள். அதற்கு முன்னால், எந்த இலை வெளுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால்தான் கீழ் இலை முதலில் வெளுக்கிறது. கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. பழைய இலையில் இருக்கும் இரும்பைச் செடியால் கொழுந்துக்கு மாற்ற முடியாது. உப்புத் தண்ணீர் தொடர்ந்து ஊற்றும் தொட்டிகளில் இது அதிகம். மண் காரமாகிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

இப்போது ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்து வீட்டு அத்தையின் தொட்டி. தாழ்வாரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருந்தது. தண்டு நீண்டு, ஒரு ஜோடி இலைக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவில் நிறைய இடைவெளி. அடி இலைகள் மஞ்சள். "இனி இது பூக்காது, பிடுங்கிப் போடலாம்"னு அத்தை சொன்னார். செடியைப் பார்த்தால் காரணம் இரண்டு தெரிந்தது: வெளிச்சம் போதவில்லை, தழைச்சத்தும் இல்லை.

முதலில் வெளிச்சம். கனகாம்பரம் அரை நிழலில் உயிரோடு இருக்கும், ஆனால் பூக்க வெயில் வேண்டும். காலை வெயில் நாலு மணி நேரம் படுகிற இடம் நல்லது. கோடையின் உச்சி வெயில் வேண்டாம். இலை வெளுத்து ஓரம் கருகும். நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது. அத்தை முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரத்தில் கிழக்குப் பக்கத் திண்ணைக்கு மாற்றினார்.

இரண்டாவது உணவு. மேல்மண்ணை வேர் அறுபடாமல் ஒரு அங்குலம் கொத்தி, நன்றாக மக்கிய தொழுஉரம் இரண்டு கைப்பிடி போட்டார். பிறகு 50 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை எடுத்து, அதைப் போல் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, 15 நாளுக்கு ஒருமுறை ஒரு மக் ஊற்றினார். இதற்கு மேல் கொடுத்தால் இலை கரும்பச்சையாகத் தழைக்கும், பூ குறையும்.

கொழுந்து வெளுத்த செடியாக இருந்தால் வைத்தியம் வேறு. அன்னபேதி உப்பு 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும். (பெரியவர்கள் துணையோடு செய்யுங்கள்.) அடுப்புச் சாம்பல் போடாதீர்கள், மண் இன்னும் காரமாகும்.

மூன்றாவது கவாத்து. இதை ஏன் கடைசியில் வைத்தோம்? இலைதான் செடியின் சமையலறை. வாடிய செடியை முதலிலேயே வெட்டினால் துளிர்விடத் தெம்பு இருக்காது. நாலு வாரத்தில் புது இலை பச்சையாக வந்த பிறகுதான், அத்தை ஒவ்வொரு தண்டிலும் மூன்றில் ஒரு பங்கை, ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டினார். ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு துளிர் வந்தது. கனகாம்பரத்தின் கதிர் கிளை நுனியில்தான் அதிகம் வரும். நுனி கூடினால் பூவும் கூடும்! வெட்டியதிலிருந்து இரண்டு மாதத்தில் அத்தை தினமும் ஒரு முழத்துக்குப் பூப் பறித்தார்.

பூ உதிர்ந்த கதிரையும் கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் செடி விதைக்குச் சத்தைச் செலவழிக்கும். (காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் பட்டென்று வெடிப்பதைப் பார்த்திருப்பீர்களே!) டெல்லிக் கனகாம்பரம் விதை வைக்காது, அதைத் தண்டு வெட்டித்தான் நடுவார்கள். அதிலும் காய்ந்த கதிரைக் கிள்ளினால் புதுக் கதிருக்கு வழி கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் செடி தேறவில்லையா? தொட்டி ஓரத்தில் மண்ணைக் கிளறி வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. கனகாம்பரத்துக்கு இது பெரிய எதிரி. உரமும் கவாத்தும் இதைத் தீர்க்காது. அந்த மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள். நுனித் தண்டை வெட்டி, புது மண்ணில், கழுவிக் காயவைத்த தொட்டியில் நடுங்கள்.

யோசிக்க ஒரு கேள்வி: உங்கள் வீட்டுச் செடியில் மேல் இலையும் கீழ் இலையும் சேர்ந்து வெளுத்து, தொட்டி மண் எப்போதும் சேறாக இருக்கிறது. எதை முதலில் பார்ப்பீர்கள்?
விடை: தொட்டியின் அடி ஓட்டை. அது அடைத்திருந்தால் வேர் மூச்சுவிட முடியாது. எந்த உரம் போட்டாலும் எடுக்காது.