சபுர் பணத்தில் கடை போடும் தம்பிகளுக்கு

1. முத்துப்பேட்டையில் பல கடைகளுக்கு முதல் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோதான் வருகிறது. பணம் வருமுன் அனுப்புகிறவரிடம் கேளுங்கள்: கடை நொடித்தால் நட்டம் யாருக்கு? எப்படியும் திருப்பித் தரவேண்டும் என்றால் அது கடன். நட்டத்தில் அவரும் சேருவார் என்றால் பங்கு. “ரெண்டும் வேணாம், மாசம் பத்தாயிரம் லாபமா அனுப்பிடு” என்றால் அது வட்டிதான். வட்டியே ஆகாது என்பவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள்!

2. கடனென்றால் பணம் வங்கி வழியாகவே வரட்டும். உண்டியல் வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமானவரிக்காரர் அபராதம் போடலாம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிப் புரோநோட்டு எழுதுங்கள். கேட்டதும் தருவதாக எழுதிய நோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம். அதற்குள் ஒரு தொகையைக் கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்பவருக்கு, குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்று சொல்லுங்கள்.

3. பங்கென்றால் கூட்டு ஒப்பந்தம் எழுதாமல் ஷட்டரைத் தூக்காதீர்கள். அண்ணன் பத்து லட்சம், நீங்கள் இரண்டு லட்சம் போட்டதாக வைத்துக்கொள்வோம். எழுத்தில் எதுவும் இல்லையென்றால், 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி லாப நட்டம் சரிபாதி. கடையில் நாள் முழுக்க நிற்கிற உங்களுக்குச் சம்பளமும் கிடையாது. இருவருக்குமே மனக்கசப்பு.

ஆகவே இப்படி எழுதுங்கள்: உங்களுக்கு மாதச் சம்பளம் 15,000, மிச்சத்தில் அண்ணனுக்கு அறுபது சதவீதம், உங்களுக்கு நாற்பது. வருட லாபம் 4,80,000 என்றால் சம்பளம் 1,80,000 போக மூன்று லட்சம் நிற்கும். அதில் அண்ணனுக்கு 1,80,000, உங்களுக்கு 1,20,000. வீட்டுக்கு எடுத்துப்போகும் அரிசி மூட்டையும் உங்கள் பற்றில் ஏறவேண்டும். பிணக்கு பெரும்பாலும் அந்த மூட்டையில்தான் தொடங்குகிறது.

அண்ணனிடம் இரண்டை மறைக்காதீர்கள். தூரத்தில் இருந்தாலும் மொத்த வியாபாரிக்குக் கடை வைத்த பாக்கிக்கு அவர் சொத்தும் பொறுப்பு. வெளிநாட்டு இந்தியராக இப்படிப் போட்ட முதலை அவர் வெளிநாட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. கூட்டைப் பதிவும் செய்யுங்கள். பதியாத கூட்டில் பங்காளிமேல் பங்காளி பங்கு கேட்டு வழக்குப் போடுவது கடினம்.

4. கடனும் இல்லை, பங்கும் இல்லை, வந்த பணம் அன்பளிப்பு என்று எழுதுமுன் உறவைப் பாருங்கள். தாய்மாமா அக்கா தங்கை மகனுக்குக் கொடுத்தால் வரியில்லை. அந்த மருமகன் தாய்மாமாவுக்குக் கொடுத்து, வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் மாமாவின் வருமானம்.

5. மார்ச் 31 அன்று சரக்கை எண்ணுங்கள், வாங்கிய விலையில். மூன்று பெருநாளாக விற்காத துணிக்கு அந்த விலையும் வைக்காதீர்கள், விற்கக்கூடிய விலையை வையுங்கள். பட்டியலில் கையெழுத்திட்டு அன்றைக்கே அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.