ஆற்று நீர் இனிக்க, ஆழி நீர் உவர்ப்பதேன்?



தாயகத்தில் விஞ்ஞான ஆசிரியனாகக் கடமையாற்றிய காலத்தில், "கடல் நீர் உவர்ப்பதற்குக் காரணம் யாது?" என்னும் வினாவுக்கு ஒரே விடையையே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்தேன். மழை நீர் பாறைகளிலுள்ள உப்புகளைக் கரைக்கின்றது. ஆறுகள் அவற்றைக் கடலிற் சேர்க்கின்றன. வெயிலில் நீர் மட்டும் ஆவியாகிச் செல்ல, உப்பு கடலிலே தங்கிவிடுகின்றது. பரீட்சையில் இவ்விடைக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது.

இலண்டனில் நமது சனிக்கிழமை வகுப்பொன்றிலும் இதையே சொன்னேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "சேர், எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அது ஆற்றுத் தண்ணீரிலிருந்து வந்ததுதானே? நான் நக்கிப் பார்த்தேன். உப்புக் கரிக்கவேயில்லை" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளாக நான் கூறி வந்த விடையின் குறைபாட்டை அப்பிள்ளை சரியாகத் தொட்டுவிட்டாள். அவளுக்கு அன்று முழுமையாகச் சொல்ல முடியாத விடையையே இங்கு எழுதுகின்றேன்.

ஆற்று நீரில் இருப்பது என்ன?

இலண்டன் வீடுகளுக்கு வரும் குடிநீரின் பெரும்பகுதி தேம்ஸ் ஆற்றிலிருந்தும் லீ ஆற்றிலிருந்தும் பெறப்படுகின்றது. தேம்ஸ் ஆறு கொட்ஸ்வோல்ட்ஸ் என்னும் சுண்ணக்கல் மேட்டு நிலத்தில் ஊற்றெடுத்து, சில்டேண்ஸ் என்னும் வெண்சுண்ணக் குன்றுகளைக் கடந்து வருகின்றது. மழை நீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டு வாயுவைச் சிறிதளவு கரைத்துக்கொள்வதால் மென்மையான அமிலமாக மாறுகின்றது. அவ்வமிலம் சுண்ணக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கின்றது. கேத்திலில் நீரைக் கொதிக்க வைக்கும்போது அவ்வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் படிகின்றது. அந்த வெள்ளைப் படிவில் சிறிது வினாகிரி விட்டால் நுரைத்துக் கரையும். கறியுப்பில் விட்டால் நுரைக்காது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சிய பாத்திரங்களிலும் இதே படிவைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். அம்மண்ணும் சுண்ணக்கல்லின் மேல் அமைந்ததே.

உலகத்து ஆறுகள் அனைத்தையும் சராசரியாக நோக்கினால், ஒரு லீற்றர் ஆற்று நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த நிறை ஏறத்தாழ 120 மில்லிகிராம் மட்டுமே. அதுவும் பெரும்பாலும் சுண்ணாம்பைச் சார்ந்தது. கறியுப்பின் ஒரு கூறாகிய சோடியம் அதில் ஏறத்தாழ 6 மில்லிகிராம். மற்றைய கூறாகிய குளோரைட்டு ஏறத்தாழ 8 மில்லிகிராம். ஒரு லீற்றர் நீரில் இவை சுமார் 200 மில்லிகிராமை எட்டினால்தான் நமது நாக்கு உவர்ப்பை உணரத் தொடங்கும். ஆகவே, ஆற்று நீர் உப்பே இல்லாத நீர் அன்று. நாக்கு அறிய முடியாத அளவு உப்பு அதில் உண்டு. ஓடிச் செல்லும் ஆற்றுக்குப் புதுமழை ஓயாமல் வந்து சேர்வதால், அங்கே உப்புத் திரள்வதற்கு இடமில்லை.

கடலின் நிலை வேறு. ஒரு கிலோகிராம் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அதாவது இரண்டு மேசைக்கரண்டியளவு. அதில் ஆறில் ஐந்து பங்குக்கு மேற்பட்டது கறியுப்பே. சுண்ணாம்புக்குரிய கல்சியமோ அரைக் கிராமுக்கும் குறைவு. இப்போது மாணவியின் வினா எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும். ஆறு கொண்டு வருவது பெரும்பாலும் சுண்ணாம்பு. கடலில் நிறைந்திருப்பதோ கறியுப்பு. ஆறு கொண்டு வந்தது அப்படியே சேர்ந்திருந்தால், கடல் சுண்ணாம்பு நீராகவல்லவா இருக்கவேண்டும்?

ஒரு பழைய கணக்கு

இவ்விடத்தில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். வால்வெள்ளியால் நாம் அறிந்த எட்மண்ட் ஹேலி, 1715ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஆறுகள் கடலில் உப்பைச் சேர்த்துக்கொண்டே இருக்குமாயின், கடலின் உவர்ப்பைக் கொண்டு உலகின் வயதை அறியலாம் என்பது அவர் கருத்து. பண்டைய கிரேக்கரும் உரோமரும் தம் காலத்துக் கடலின் உவர்ப்பை அளந்து எழுதி வைக்கவில்லையே என அவர் வருந்தினார். அவர்கள் எழுதி வைத்திருப்பினும் பயன் இருந்திராது என்பதைப் பின்னர் காண்போம்.

1899ஆம் ஆண்டில் டப்ளின் நகரப் பேராசிரியர் ஜோன் ஜோலி இக்கணக்கைச் செய்தே முடித்தார். கடலிலுள்ள சோடியத்தை, ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டு வரும் சோடியத்தால் வகுத்தார். கடலின் வயது 8 கோடி முதல் 9 கோடி ஆண்டுகள் என விடை வந்தது.

இன்றைய அளவுகளைக் கொண்டு நாமும் அக்கணக்கைச் செய்து பார்க்கலாம். உலகக் கடல்களின் கனவளவு ஏறத்தாழ 133 கோடி கன கிலோமீற்றர். ஆறுகள் ஓராண்டில் ஏறத்தாழ 37,000 கன கிலோமீற்றர் நீரைக் கடலிற் சேர்க்கின்றன. எனவே, வெறுமையான கடலை ஆறுகள் ஒரு முறை நிரப்ப ஏறத்தாழ 36,000 ஆண்டுகள் செல்லும். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 11,000 மில்லிகிராம் சோடியம் உண்டு; ஆற்று நீரிலோ 6 மில்லிகிராம். இது ஏறத்தாழ 1,800 மடங்கு. ஆகவே, 36,000 ஆண்டுகளை 1,800 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 6 கோடி 50 இலட்சம் ஆண்டுகள் என விடை கிடைக்கும். ஜோலி கையாண்ட அளவுகள் சற்று வேறானவை, முறை இதுவே.

ஹேலியின் ஏக்கத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். 2,000 ஆண்டுகளில் ஆறுகள் கடலின் கனவளவில் பதினெட்டில் ஒரு பங்கு நீரையே கொணரும். அதனால் ஒரு லீற்றர் கடல் நீரிற் கூடும் சோடியம் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு. 11,000 மில்லிகிராமில் அத்துணைச் சிறு மாற்றத்தைக் கிரேக்கர் எக்கருவியால் அளந்திருப்பர்?

இப்போது சோடியத்தை விடுத்து, கல்சியத்தை வைத்து அதே கணக்கைச் செய்க. ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 420 மில்லிகிராம். ஆற்று நீரில் ஏறத்தாழ 15 மில்லிகிராம். இது 28 மடங்கு. 36,000 ஆண்டுகளை 28 ஆற் பெருக்கினால், கடலின் வயது ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகள் என்று வரும்! ஒரே கடலுக்குச் சோடியம் ஒரு வயதும் கல்சியம் வேறொரு வயதும் கூறுகின்றன. இரண்டும் பிழையே. 1956ஆம் ஆண்டில் கிளேயர் பற்றர்சன் என்பார் விண்கற்களிலுள்ள ஈயத்தை ஆராய்ந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் எனக் கண்டார். கடலும் பூமியின் இளமைக் காலத்திலேயே தோன்றியது.

கணக்கில் விடுபட்டது

ஜோலியின் பெருக்கலிலும் வகுத்தலிலும் தவறில்லை. கடலுக்குள் வந்த உப்பு வெளியே போவதில்லை என அவர் கொண்டதே தவறு. நானும் கரும்பலகையில் அதே தவற்றை எழுதி வந்தேன். ஓர் உண்டியலிலுள்ள பணத்தைக் கொண்டு எத்தனை நாளாகச் சேர்த்தார்கள் என்று கணக்கிடுவதாயின், இடையில் ஒருவரும் எடுக்கவில்லை என்பது உறுதியாக வேண்டும். கடலாகிய உண்டியலிலிருந்து ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் வெளியேறுகின்றது. நாம் கண்ட இரு விடைகளும், ஒரு பொருள் கடலுக்குள் வந்து வெளியேறும் வரை சராசரியாகத் தங்கும் காலத்தையே காட்டுகின்றன.

கல்சியம் விரைவில் வெளியேறுவதற்குக் காரணம் உயிரினங்களே. சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமது ஓடுகளைக் கட்டுகின்றன. அவை இறந்ததும் ஓடுகள் கடலடியிற் படிந்து, காலப்போக்கிற் சுண்ணக்கல்லாகின்றன.

சோடியத்துக்கும் குளோரைட்டுக்கும் இத்தகைய பெருந்தேவை எவ்வுயிருக்கும் இல்லை. அவை நீரில் எளிதிற் கரைந்தே இருப்பவை. ஆகவே வெளியேறும் வழியின்றி நெடுங்காலம் தங்கித் திரண்டன. குளோரைட்டைப் பொறுத்தவரை மற்றுமொரு செய்தி உண்டு. சாதாரண பாறைகளில் அது மிகவும் குறைவு. கடலிலுள்ளதில் பெரும்பகுதி, இளம் பூமியின் உள்ளிருந்து எரிமலை வாயுக்களுடன் வெளிவந்து நீரிற் கலந்ததாகும். இன்றைய ஆறுகள் காவிச் செல்லும் குளோரைட்டிலும் ஒரு பகுதி, கடற்காற்றுத் தூவிய உப்பு மழையோடு தரையில் விழுந்து திரும்புவதே.

ஆயினும் கறியுப்பும் கடலை விட்டுச் செல்வதுண்டு. ஆனையிறவில் உப்பு விளைந்த முறையைப் பெற்றோர் அறிவர். பாத்தியிற் கட்டிய கடல் நீர் வெயிலில் வற்ற, முதலில் சுண்ணாம்பும் பின்னர் ஜிப்சமும் படியும். நீர் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சுருங்கிய பின்னரே கறியுப்புப் பூக்கும். இயற்கையும் இத்தகைய உப்பளங்களை அமைத்ததுண்டு. ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அத்திலாந்திக் கடலுடனான தொடர்பு குன்றியதால் மத்தியதரைக் கடல் பெரிதும் வற்றியது. அதன் அடியில் சில இடங்களில் ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தடிப்பில் உப்புப் படிந்திருப்பதை 1970இல் கப்பலிலிருந்து துளையிட்ட ஆய்வாளர் அறிந்தனர். இந்நாட்டிலே செஷயர் மாவட்டத்தில் நிலத்தடியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் பாறையுப்பும் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வற்றிய உவர்நீர் விட்டுச்சென்றதே. குளிர்காலத்தில் வீதிகளில் தூவப்படும் அவ்வுப்பு பனியோடு கரைந்து ஆற்றுக்குப் போய், மீண்டும் கடலைச் சேர்கின்றது.

இவ்வாறு வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்திருப்பதனால், கடலின் உவர்ப்பு பல கோடி ஆண்டுகளாகப் பெருமளவு மாறாதிருக்கின்றது. எனவே, அந்த மாணவிக்கு இன்று நான் தரும் விடை இது: ஆறு பல பொருள்களைச் சிறிது சிறிதாகக் கொண்டு வருகின்றது. கடல் சிலவற்றை விரைவில் வெளியேற்றி, கறியுப்பை மட்டும் நெடுங்காலம் வைத்துக்கொள்கின்றது. நாம் சுவைப்பது கடலில் நெடுநாள் தங்கியதை.

பிள்ளாய், நீ நக்கிப் பார்த்த படிவின் கதையையும் கேள். சில்டேண்ஸ் குன்றுகளின் வெண்சுண்ணம், 7 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கே பரந்திருந்த கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகளால் ஆனது. கடல் அன்று வெளியேற்றிய சுண்ணாம்பை மழை கரைத்தது, தேம்ஸ் சுமந்தது, உங்கள் வீட்டுக் கேத்தில் பிடித்துக்கொண்டது. அம்மா வினாகிரி விட்டுக் கழுவி ஊற்றும்போது அது மறுபடியும் கடலை நோக்கிப் புறப்படுகின்றது.