சிறுகுறிப்பு எழுதுவோம்: அந்நியர், விளிம்புநிலை மனிதர், தங்கிப்போகிறவர்

சமூகவியல் பரீட்சைக்குப் படிக்கிற ஆக்கள் அதிகம் குழம்புகிற மூன்று கருத்துகளை இம்முறை பார்ப்போம். மூன்றுமே ஊர்விட்டு ஊர் போனவர்களைப் பற்றியவை. ஒரே உதாரணத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

ஓமான் நாட்டின் சோஹார் நகரில் ஒரு தமிழர் பதினைந்து வருடமாகத் தையல்கடையில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓமானியர் அவரிடம்தான் உடுப்புத் தைக்கிறார்கள். சொந்தக்காரரிடம் சொல்லாத வீட்டுச் சண்டையைக்கூட அவரிடம் சொல்லுவார்கள், ஏனென்றால் அவர் எந்தப் பக்கமும் சேராதவர். இப்படி உள்ளே இருந்தும் உள்ளவர் ஆகாதவரைத்தான் ஜோர்ஜ் சிமெல் 1908இல் ‘அந்நியர்’ என்றார். வழிப்போக்கர் அந்நியர் அல்ல. அந்நியர் வந்து தங்கியவர்.

அவருடைய மகன் சோஹாரிலேயே வளர்ந்தவன். அங்கே அவன் வெளிநாட்டுக்காரன், ஊருக்குப் போனால் ‘கல்ஃப் பிள்ளை’. இரண்டு பண்பாட்டிலும் கால் வைத்து, இரண்டிலும் முழுதாகச் சேராத இந்த நிலைக்கு றொபேட் பார்க் 1928இல் வைத்த பெயர் ‘விளிம்புநிலை மனிதர்’. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். தமிழில் விளிம்புநிலை மக்கள் என்றால் ஏழைகள், ஒடுக்கப்பட்டவர்கள் என்று எழுதிப் பழகிவிட்டோம். அதை நினைத்து வறுமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் புள்ளி கிடைக்காது. பார்க் பேசுவது இரு பண்பாட்டு மோதலை.

மறுபடி தகப்பனிடம் வருவோம். வேலை அவருக்குக் காசு சேர்க்கிற வழி மட்டுமே. அறையில் தமிழ் ஆக்களோடுதான் பழக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறார். ‘வீட்டு வேலை முடிந்ததும் திரும்பிவிடுவேன்’ என்பார், வீடு முடிந்தால் மகளின் கலியாணம் வரும். இவர் ‘தங்கிப்போகிறவர்’. கருத்து போல் சியுவுடையது, 1952. சிகாகோவில் சலவைக்கடை நடத்திய சீனரை ஆராய்ந்தவர். அவருடைய தகப்பனும் சலவைத் தொழிலாளிதான்.

ஒரே ஆள் சிமெலுக்கு அந்நியர், சியுவுக்குத் தங்கிப்போகிறவர் என்பதைக் கவனியுங்கள். சிமெல் பார்ப்பது ஊரார் அவரோடு வைத்திருக்கிற உறவை. சியு பார்ப்பது அவருடைய மனதை.

ஐந்து புள்ளிக் கேள்விக்கு விடை இப்படிப் போகலாம்: “பிற நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தும் தன் சொந்தச் சமூகத்தையே பற்றிக்கொண்டு, திரும்பும் எண்ணத்தோடு இருப்பவர் தங்கிப்போகிறவர் (போல் சியு, 1952). வேலையைக் கருவியாகக் கருதுதல், தன்னினத்தவரோடு ஒதுங்குதல், ஊருக்குப் போய்வருதல் இதன் அடையாளங்கள். உதாரணம்: சோஹாரில் தமிழ்த் தையற்காரர்.”

கடைசியில் ஒரு குறையும் எழுதினால் விடை நன்றாக இருக்கும். சியு மனநிலைக்கு அதிக இடம் கொடுத்தார். ஆனால் வளைகுடாவில் வதிவிட விசா வேலையோடு கட்டப்பட்டது, குடியுரிமை மிக அரிது. ஓமானில் முதலாளியை மாற்ற வேண்டியிருந்த ஆட்சேபணையின்மைச் சான்றிதழ், ஒப்பந்தம் முடித்தவர்களுக்கு 2021 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. தையற்காரர் நிலையாகத் தங்க விரும்பினாலும் சட்டம் அவரைத் தங்கிப்போகிறவராகவே வைத்திருக்கும்.